மூன்று நிமிடத்தில் மாறும் உப அதிபதி

கே.பி. முறை பயில்பவர் முதலில் பிறந்த நேரத்தையே சோதிக்க வேண்டும். கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி ஒவ்வொரு நட்சத்திரத்தையும் விம்சோத்தரி ஆண்டுகளின் விகிதத்தில் ஒன்பது உப பிரிவுகளாக்கினார். அசுவினியில் சுக்கிரனுக்கு 2 பாகை 13 கலைக்குச் சற்று மேல். சூரியனுக்கு வெறும் 40 கலை.

ஏழாம் பாவ முனை மேஷம் 3 பாகை 20 கலையில் நின்றால் உப அதிபதி சூரியன். அவர் 2, 7, 11-ஐக் காட்டினால் திருமணம் உண்டு. அந்தப் பாவங்களைக் காட்டும் கிரகங்களின் தசை, புக்தி, அந்தரம் கூடும்போது நடக்கும் என்பது விதி. பிறப்பு மூன்று நிமிடம் தள்ளினால் முனை சுமார் முக்கால் பாகை நகர்ந்து சந்திரனின் உபத்தில் விழும். அவர் 1, 6, 10-ஐக் காட்டினால் பலன் தலைகீழ். “காலை ஆறு மணி வாக்கில்” என்று பாட்டி சொன்ன நேரத்தை வைத்து இம்முறையில் தேதி குறிப்பது தவறு. நடந்துபோன இரண்டு மூன்று சம்பவங்களோடு ஒத்துப் பார்த்து நேரத்தைத் திருத்திய பிறகே உப அதிபதியைத் தொடுங்கள்.