மணி படத்துக்கு 50, உரிமைக்கு 50

அனந்தபுரத்துல அம்மா கடலை மிட்டாய் செய்றாங்க, நீங்க சென்னையில வேலை பார்த்துக்கிட்டே அதை ஆன்லைன்ல விக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். வீட்டு நாய் மணியோட போட்டோவையே லோகோவா மாத்தலாம்னு ஆசை. நல்ல ஆசைதான். ஆனா சம்பளக் காசை எதுல போடணும்ங்கிறதுல நிறைய பேர் கோட்டை விடுறோம்.

தாத்தா வீட்டு எச்.எம்.வி. இசைத்தட்டுல, குழாய் முன்னால தலையைச் சாய்ச்சு உட்கார்ந்திருக்கிற நாயைப் பார்த்திருப்பீங்க. நிப்பர்ங்கிற நிஜ நாய் அது. 1895-ல் அது இறந்த பிறகு, அதை வளர்த்த ஓவியர் பிரான்சிஸ் பராட் அதை வரைந்தார். 1899-ல் கிராமபோன் கம்பெனி அவருக்குக் கொடுத்தது 100 பவுண்டு: படத்துக்கு 50, காப்பிரைட்டுக்கு 50. உரிமையும் படத்தளவு விலை பெறும்னு அன்னைக்கே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

அதனால முதல் செலவு, ஒரே ஒரு நல்ல வரைபடம். மணியோட கண் மட்டத்துல கேமராவை வெச்சு, லேசா பக்கவாட்டுல எடுத்த போட்டோவைக் கொடுங்க. மடிஞ்ச காது, நெத்தியில வெள்ளைப் பட்டைன்னு மணியை அடையாளம் காட்டுற ரெண்டு மூணு விஷயத்தை மட்டும் வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு முடியையும் வரையுறதை விட்டுடச் சொல்லுங்க. அதை 2 செ.மீ. அகலத்துல கறுப்பு வெள்ளையில பிரின்ட் போட்டு, கை தூரத்துல வெச்சுப் பாருங்க. மணின்னு தெரியலைன்னா கோடுகள் அதிகம்னு அர்த்தம். பாக்கெட்டுல மை பரவி இன்னும் அப்பிடும். ரெண்டு கலர் போதும், ஏன்னா பவுச் பிரின்டிங்ல ஒவ்வொரு கலருக்கும் தனி பிளேட்டோ சிலிண்டரோ செய்யணும், ஒவ்வொண்ணுக்கும் காசு. ஆரம்பத்துல வெறும் பவுச்ல ஸ்டிக்கர் ஒட்டுறதே புத்திசாலித்தனம்.

தீபாவளிக்கு ஒரு மணி, பொங்கலுக்கு ஒரு மணின்னு முகத்தை மாத்தாதீங்க. வெக்டர் ஃபைலை வாங்கி வெச்சுக்கிட்டு, அதே தலையை எல்லாத்துலயும் போடுங்க. நாய் படம் போட்ட பாக்கெட்டை நாய்த் தீனின்னு எடுத்துடக்கூடாது. அதனால 'கடலை மிட்டாய்'ங்கிற எழுத்து மணியை விடப் பெருசா இருக்கட்டும்.

ரெண்டாவது செலவைத்தான் எல்லாரும் மறக்கிறோம். ஃப்ரீலான்ஸ் டிசைனருக்குக் காசு கொடுத்துட்டா மட்டும் உரிமை தானா உங்களுக்கு வந்துடும்னு நம்பாதீங்க. காப்பிரைட்டை மாத்திக் கொடுக்க, அவர் கையெழுத்துப் போட்ட எழுத்துப் பத்திரம் வேணும். அதுல காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்னும், இடம் குறிப்பிடலைன்னா இந்தியா மட்டும்னும் சட்டம் எடுத்துக்கும். ஆறாவது வருஷம், பிசினஸ் வளர்ந்த நேரத்துல, உங்க மணிக்கே நீங்க விலை பேச வேண்டி வரலாம். 'முழு காப்பிரைட் காலத்துக்கும், உலகம் முழுக்கவும்'னு ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும்?

அப்புறம்தான் டிரேட்மார்க். தனிநபருக்கு ஆன்லைன்ல ஒரு பிரிவுக்கு ரூ.4,500, மிட்டாய் வகை 30-வது பிரிவு. என் கருத்து: மூணு டிசைன் வாங்குற காசுல ஒரு டிசைன், ஒரு பத்திரம், ஒரு விண்ணப்பம். மணி உங்களோடவே இருப்பான்.