பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஜாதி மதம்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் குமாஸ்தா ஜாதியையாவது வாய்திறந்து கேட்கிறார். மதத்தைக் கேட்பதே கிடையாது. பேரைப் பார்த்ததும் தாமாகவே "இந்து" என்று எழுதிவிடுகிறார். தோழர் ஒருவர், தம் மகள் விஷயத்தில் இவ்விதமே நடந்ததென்றும், எடுத்துவிடச் சொன்னதற்குத் தலைமையாசிரியர் "ரூலில் இடமில்லை" என்று சொல்லிவிட்டதாகவும் நமக்கு எழுதியிருக்கிறார்.

இடமில்லை என்பது உண்மையல்ல. தமிழ்நாடு சர்க்காரின் கல்வி இலாகா 2-7-1973இல் பிறப்பித்த 1210ஆம் நம்பர் உத்திரவும், அதன்பின் 31-7-2000இல் வந்த 205ஆம் நம்பர் உத்திரவும், பெற்றோர் விரும்பினால் ஜாதி, மதம் இல்லை என்று எழுதவோ, அவ்விடத்தைக் காலியாக விடவோ வேண்டியது என்றே சொல்லுகின்றன. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் இது பள்ளிக்கூட வாசற்படியைத் தாண்டவில்லை போலும்!

நிற்க. தோழர் பிற்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். ஜாதியையும் அழித்துவிடலாமா என்று கேட்கிறார். இதில் அவசரம் கூடாது என்பதே நமது அபிப்பிராயம். இடஒதுக்கீட்டுக்கு வேண்டியது பள்ளிக்கூடத்தார் எழுதும் எழுத்தல்ல, தாசில்தார் ஆபீசில் தரும் ஜாதிச் சான்றிதழ்தான் (பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர் கொடுக்கிறார்). ஆனால் நாளைக்கு அந்தப் பெண்ணின் பிள்ளைகள் சான்றிதழ் கேட்கும்போது, தாயின் பள்ளிக்கூடக் கடுதாசியைத்தான் தாசில்தார் முதலில் புரட்டிப் பார்ப்பார். ஆகவே வகுப்புரிமை வேண்டியவர்கள் தாசில்தார் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொள்ளாமல் ஜாதிக் கலத்தைக் காலி செய்யக் கூடாது. ஆதிதிராவிடத் தோழர்கள் மதக் கலத்திலும் யோசிக்க வேண்டும். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்திரவும் அதன் திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த மதத்தாருக்குத்தான் அந்த உரிமையைத் தருகின்றன. மதத்தை விட்டவனிடம் மதத்தைக் கேட்டு உரிமை கொடுக்கும் இந்த ஏற்பாட்டின் யோக்கியதையைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம்.

குமாஸ்தா ஒரு ஜாதிக்குப் பதில் வேறொரு ஜாதியை எழுதிவிட்டதானால், அது வேறு விவகாரம். ஜாதியைத் தீர்மானிக்கத் தலைமையாசிரியருக்கு அதிகாரமில்லை. தாசில்தார் சான்றிதழைக் காட்டித்தான் திருத்தும்படி கேட்க வேண்டும்.

தோழர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு உத்திரவுகளின் நம்பரும் தேதியும் கண்டு, எந்தக் கலம் காலியாக வேண்டுமென்று தெளிவாகச் சொல்லி, தலைமையாசிரியருக்கு மனு எழுதி, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள். மறுத்தாலும், பதிலின்றிக் கிடந்தாலும், அந்த நகலை வைத்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். பெண் அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே இது முடிய வேண்டும். பள்ளியை விட்டபின் அந்த ஏடு பழைய ஏடாகிவிடும். அதை மாற்றுவது பெருந்தொல்லை.

திருத்தியாயிற்று என்று சொன்னால் அப்படியே திரும்பிவிடவும் கூடாது. சேர்க்கைப் பதிவேட்டில் பழைய எழுத்தைச் சுரண்டாமல் கோடிட்டு அடித்து, பக்கத்தில் உத்திரவு நம்பரும் தேதியும் குறித்து, தலைமையாசிரியர் கையெழுத்திட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இப்போது மாற்றுச் சான்றிதழ் எமிஸ் என்னும் கணினிப் பதிவிலிருந்து அச்சாகி வருகிறது. ஏட்டில் அடித்துவிட்டு எமிஸில் மறந்துவிட்டால், வருஷக் கடைசியில் சான்றிதழில் பழையபடி "இந்து" என்றே வந்து நிற்கும். அதனால் எமிஸ் பக்கத்தையும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டே தோழர் வீடு திரும்பட்டும்.