அடிமைப்படுத்துவது ஒன்று, புற்றுநோய் தருவது மற்றொன்று

சிகரெட்டை விட முயல்வோருக்கு நிகோட்டின் சூயிங்கத்தைப் பரிந்துரைக்கும்போது, ‘அதிலும் நிகோட்டின்தானே இருக்கிறது, அதுவும் புற்றுநோயைத் தராதா?’ என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. இக்கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும். ஏனெனில் இந்த அச்சத்தால் சூயிங்கத்தை நிறுத்துவோர் பலர் மீண்டும் சிகரெட்டுக்கே திரும்பிவிடுகின்றனர்.

சிகரெட்டை விடவிடாமல் கட்டிப்போடுவது நிகோட்டின். புற்றுநோயைத் தருவதோ, புகையிலை எரியும்போது உண்டாகும் தாரும் அதிலுள்ள பென்சோபைரீன் போன்ற நச்சுகளும், புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களும் ஆகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலைப் புகையைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியுள்ளது. நிகோட்டினை அப்பட்டியலில் சேர்க்கவில்லை.

நிகோட்டின் கட்டிகளின் வளர்ச்சியைத் தூண்டக்கூடும் என்று சில ஆய்வகச் சோதனைகள் காட்டியது உண்மையே. ஆனால் வட அமெரிக்காவின் ‘நுரையீரல் நல ஆய்வில்’ 3,320 பேரை ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் கவனித்தபோது, நுரையீரல் புற்றுநோயுடன் தொடர்புகொண்டிருந்தது புகைப்பிடித்தலே. நிகோட்டின் சூயிங்கம் அன்று. புற்றுநோய் உருவாக எடுத்துக்கொள்ளும் காலத்தை நோக்க இது குறுகியதே. ஆயினும் சில மாதங்கள் சூயிங்கம் மெல்வதையும் பல ஆண்டுகள் புகைப்பதையும் ஒரே தட்டில் வைக்க இயலாது என்பதே எங்கள் கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தார் புகையில்தான் இருக்கிறது என்பதால், குட்காவோ மெல்லும் புகையிலையோ பாதுகாப்பானவை என்று கொள்ளலாகாது. அவற்றில் தார் இல்லாவிட்டாலும் நைட்ரோசமைன்கள் உண்டு; வாய்ப்புற்றுநோயைத் தருபவை அவையே. மருத்துவச் சூயிங்கத்தில் உள்ளதோ புகையிலை இலையன்று, பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய நிகோட்டின்.

விழித்து அரைமணி நேரம் கழிந்த பின்னரே முதல் சிகரெட்டைப் பற்றவைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 2 மில்லிகிராம் சூயிங்கம் போதும். அதற்கு முன்னரே பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும். முதல் ஆறு வாரங்கள் ஒன்றிரண்டு மணிநேரத்துக்கு ஒன்று, அடுத்த ஆறு வாரங்களில் படிப்படியாகக் குறைத்தல் என்பது வழக்கமான முறை. காரச்சுவை தோன்றும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைக்க வேண்டும். சுவை மங்கியதும் மீண்டும் மெல்லலாம். வேகமாக மென்று உமிழ்நீரை விழுங்கினால் விக்கலும் குமட்டலும் வரும், நிகோட்டினும் இரத்தத்தில் சரிவரச் சேராது. காபி, பழச்சாறு அருந்திய கால்மணி நேரத்துக்குள் மென்றாலும் பயன் குறையும். ‘சூயிங்கம் பலிக்கவில்லை’ என்பதற்குப் பெரும்பாலும் இவையே காரணம்.

நிகோட்டின் தீங்கற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. அது நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும், குழந்தைகளுக்கு நஞ்சாகும். கருவுற்றோரும் அண்மையில் மாரடைப்பு கண்டோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும். மற்றவர்கள், புற்றுநோய் வருமோ என்று அஞ்சிச் சூயிங்கத்தை எறிந்துவிட்டுச் சிகரெட்டை எடுப்பது, சிறு இடரைத் தவிர்க்கப் பேரிடரை ஏற்பதேயாகும்.