சேமியின் சுயவிவரப் பக்கம்

2005 அக்டோபர் 4. மைஸ்பேஸ் தளத்தில் சேமி காம்கர் என்ற 19 வயது இளைஞர் தன் சுயவிவரப் பக்கத்தில் சில வரிகளைச் சேர்த்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களிடமிருந்து அவர்கள் அறியாமலேயே அவருக்கு நட்புக் கோரிக்கை போனது. அவர்களுடைய பக்கத்திலும் "எல்லாவற்றுக்கும் மேலாக, சேமிதான் என் ஹீரோ" என்ற பொருளில் ஒரு வரி ஏறியது. அதோடு அந்த நிரலும் ஒட்டிக்கொண்டது. அவர்கள் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கும் அதே கதிதான். ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் அந்த வரி இருந்தது. தளத்தையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டிவந்தது.

மைஸ்பேஸ் காவலே போடாமல் இருக்கவில்லை. `<script>` என்று எழுதினால் நீக்கிவிடும். `javascript` என்ற சொல்லைக் கண்டாலும் வெட்டிவிடும். ஆனால் பக்கத்தை அலங்கரிக்க `div` போன்ற சில குறிகளை அனுமதித்திருந்தது. சேமி அதற்குள் `javascript` என்ற சொல்லின் நடுவே ஒரு வரி முறிவைப் போட்டார்:

```
<div style="background:url('java
script:alert(1)')">
```

வடிகட்டிக்கு இது இரண்டு வேறு சொற்கள். அன்றைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ முறிவைப் பொருட்படுத்தாமல் ஒரே சொல்லாகச் சேர்த்துப் படித்து நிரலை ஓட்டியது. `innerHTML` என்ற சொல்லையும் தளம் தடுத்திருந்தது. அதை `'inne' + 'rHTML'` என்று இரண்டாக உடைத்து எழுதி ஓட்டும்போது சேர்த்துக்கொண்டார். விலக்க வேண்டிய சொற்களுக்குப் பட்டியல் போடும் காவல் இப்படித்தான் தோற்கும். ஒரே சொல்லை எழுத எத்தனை வழி உண்டு என்று பட்டியல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்காது.

அடுத்து நடந்ததுதான் இன்னும் கவனிக்க வேண்டியது. நண்பராகச் சேர்க்கும் படிவத்தில் மைஸ்பேஸ் ஒரு ரகசியக் குறியீட்டை, டோக்கனை, வைத்திருந்தது. வேறொரு தளம் பயனரின் பெயரில் திருட்டுத்தனமாகப் படிவத்தை அனுப்பினால் அதனிடம் இந்தக் குறியீடு இருக்காது, கோரிக்கை செல்லாது. கோரிக்கை மோசடிக்கு எதிரான முறையான பூட்டு அது. ஆனால் சேமியின் நிரல் வெளியிலிருந்து வரவில்லை. பயனரின் உலாவிக்குள், தளத்தின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அது முதலில் படிவப் பக்கத்தை வரவழைத்து, அதிலிருந்த டோக்கனைப் படித்து, அதையும் சேர்த்தே படிவத்தை அனுப்பியது. சாவி வீட்டுக்குள்ளேயே தொங்கியது. நிரலும் வீட்டுக்குள்தான் இருந்தது.

அதனால்தான் ஒரு படிவத்தைச் சோதிப்பவர் நிரலைத் தடுக்கும் காவலையும் டோக்கனையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. நிரல் நுழையும் ஓட்டை ஒன்று இருந்தால் டோக்கன் சோதனையில் தேறியதற்குப் பொருளே இல்லை.

முதல் சோதனைக்கு ஆபத்தான நிரல் எதுவும் தேவையில்லை. தன் தளத்தில், சோதனைக் கணக்கில், பெயர்ப் பெட்டியிலும் கருத்துப் பெட்டியிலும் இதைத் தட்டினால் போதும்:

```
கபிலன் <b>"'&
```

தட்டியபடியே திரையில் தெரிந்தால் நல்லது. பக்கத்தின் மூலத்தில் அது `&lt;b&gt;` என்று மாறியிருக்கும். `<b>` மறைந்து பின்வரும் எழுத்துகள் தடித்தால் வாசல் திறந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் பார்த்தது போதாது. அதே பெயர் திருத்தும் படிவத்தின் `value=""` மேற்கோளுக்குள்ளும் நிர்வாகியின் பட்டியலிலும் வரும். மேற்கோள் குறி அங்கே பெட்டியை உடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நேரம் ஓட்டை எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் இருக்காது. யாரும் கவனிக்காத நிர்வாகிப் பக்கத்தில்தான் இருக்கும். "உங்கள் இணையதளம்" என்ற பெட்டியில் `javascript:alert(1)` என்று கொடுத்தும் பார்க்க வேண்டும். அதில் மாற்ற வேண்டிய குறிகள் இல்லாததால் முந்தைய பாதுகாப்பு இங்கே உதவாது. `http://` அல்லது `https://` எனத் தொடங்கும் முகவரியை மட்டும் ஏற்பதே வழி.

இது தேறிய பிறகுதான் டோக்கன் சோதனை. உலாவியின் டெவலப்பர் கருவியில் சேமிப்புக் கோரிக்கையைப் பிடித்து, டோக்கனை எடுத்துவிட்டு மறுபடி அனுப்ப வேண்டும். சுயவிவரம் மாறிவிட்டால் டோக்கன் வெறும் அலங்காரம். இன்னொரு கணக்கின் டோக்கனைப் போட்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும். சில தளங்கள் டோக்கன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கின்றன. அது யாருடையது என்று பார்ப்பதில்லை. `SameSite` குறிப்பு இல்லாத குக்கீகளை 2020 முதல் குரோம் `Lax` என்றே நடத்துகிறது. அதனால் வேறு தளத்திலிருந்து வரும் `POST` கோரிக்கையோடு அவை பொதுவாகப் போவதில்லை. ஆனால் இணைப்பைச் சொடுக்கினால் போகும். ஆகவே `GET` கோரிக்கை ஒன்றால் சுயவிவரம் மாறுகிறதா என்றும் பார்க்காமல் விடக் கூடாது.

அந்த நிரலுக்காக சேமி காம்கருக்கு 2007 ஜனவரியில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 90 நாள் சமூகப் பணியும் தண்டனையாகக் கிடைத்தன.