சராசரி மறைக்கும் விலை

முகநூல் விளம்பரத்தால் கருத்தாய்வுக்கு ஆள் திரட்டும் ஆய்வாளர்கள், தொகையை உயர்த்தும்போது சராசரிச் செலவையே நோக்குகின்றனர். அது பிழை என்பேன்.

நாளொன்றுக்கு 5,000 ரூபாயில் 50 பேரும், 10,000 ரூபாயில் 80 பேரும் கிடைப்பதாகக் கொள்வோம். சராசரி 100 ரூபாயிலிருந்து 125 ஆகிறது. பொறுக்கத்தக்கதே எனத் தோன்றும். ஆனால், கூடுதலாக வந்த 30 பேருக்குத் தலைக்கு ஏறத்தாழ 167 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

குறைந்த செலவு ஏலமுறை, ஒதுக்கிய தொகை முழுவதையும் செலவிட முனைவது. எளிதில் இணங்குவோர் தீர்ந்தபின் விலைமிகுந்தோரை நாடும். செலவு வரம்பு முறையோ, சராசரியை வரம்பருகே நிறுத்த முயன்று, இயலாதபோது பணத்தை மிச்சம் வைக்கும்.

ஆகவே, முதலில் குறைந்த செலவு முறையில் விலையை அறிந்து, விரிவாக்கும்போது வரம்புக்கு மாறுவதே தக்கது. வரம்பும் சராசரிக்கே உரியது என்பதால், கடைசி ஆளுக்கு நாம் தர இசையும் விலையினும் அது குறைவாக இருத்தல் வேண்டும். மிஞ்சிய பணம் தோல்வியன்று. அவ்விலைக்கு இனி ஆளில்லை என்னும் செய்தியே.