பொய்யின்றிச் சிரிக்க இயலாதா?

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் பலவும் உயிரற்றுக் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ வாழ்த்துப் படம், இடையிடையே ஒரு ஜனாஸா அறிவிப்பு, அதன் கீழ் வரிசையாக "இன்னாலில்லாஹி". அவ்வளவே. இந்த மௌனத்தைக் கலைக்க இளையவர்கள் ஒரு விளையாட்டைக் கொண்டுவருகிறார்கள். ஒருவர் தம்மைப் பற்றி மூன்று செய்திகள் எழுதுவார். இரண்டு மெய், ஒன்று பொய். எது பொய் என மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர்களின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் இந்த விளையாட்டு நம் குடும்பக் குழுக்களுக்கு ஆகாது என்பதே நம் உறுதியான கருத்து.

"விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியுமே, யாரை ஏமாற்றுகிறோம்?" என்று கேட்கிறார்கள். ஒரே அறையில் அமர்ந்து ஆடினால் அந்த வாதத்திற்கு ஓரளவு வலு உண்டு. குழுவில் நிலைமை வேறு. விதியைச் சொல்லும் செய்தி காலையில் வரும். பொய் மாலையில் வரும். இடையில் நாற்பது செய்திகள் ஓடியிருக்கும். கடைசிச் செய்தியை மட்டும் பார்ப்பவருக்கு விதி தெரியாது, பொய் மட்டுமே தெரியும்.

நாமறிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. வளைகுடாவில் பணிபுரியும் மகன் மூன்று வரிகள் எழுதினார்: வண்டி ஓட்டும் உரிமம் பெற்றுவிட்டேன், பிரியாணி ஆக்கக் கற்றுக்கொண்டேன், பெருநாளைக்கு ஊருக்கு வருகிறேன். அவருடைய உம்மா அன்றிரவு தொடுதிரையில் கண்டது மூன்றாவது வரியைத்தான். மறுநாள் காலை மாடியறையைக் கழுவி, அண்டை வீட்டாரிடமும் சொல்லிவிட்டார். பொய் எதுவென்று மகன் அறிவித்தபோது குழுவில் சிரிப்புக் குறிகள் நிறைந்தன. உம்மா ஒன்றும் எழுதவில்லை. அந்த மௌனத்தை எந்த விளையாட்டால் கலைப்பது?

மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடுதான் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. இவ்விளையாட்டு அந்த எச்சரிக்கைக்குள் வருமா என்று தீர்ப்பளிப்பது உலமாக்களின் பணி. நாம் ஃபத்வா கூறவில்லை. ஆனால் எச்சரிக்கையின் எல்லையோரம் நடந்துதான் சிரிக்க வேண்டுமா என்று கேட்கிறோம்.

நபியவர்களே தோழர்களிடம் புதிர் போட்டதுண்டு. இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று கேட்டார்கள். அது பேரீச்சை மரம் என்பது சிறுவயதினரான இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் தோன்றியது. பெரியவர்கள் இருந்ததால் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. நீ சொல்லியிருந்தால் எனக்கு எத்துணை மகிழ்ச்சி என்று பின்னர் தந்தை உமர் (ரலி) கூறினார்கள். புகாரீயில் உள்ள இந்நிகழ்ச்சியில் புதிர் இருக்கிறது, ஆவல் இருக்கிறது, பொய் இல்லை. இளையவர் பேச வேண்டும் என்ற தந்தையின் விருப்பமும் இருக்கிறது.

ஆகவே விளையாட்டைச் சற்றே மாற்றுங்கள். மூன்று நிகழ்ச்சிகளும் உண்மையாகவே இருக்கட்டும். "இவற்றில் இரண்டு எனக்கு நடந்தவை, ஒன்று நம் குடும்பத்தில் வேறொருவருக்கு நடந்தது, எது, யாருக்கு?" என்று அந்தச் செய்தியிலேயே எழுதுங்கள். பிறர் கதையைச் சேர்க்குமுன் அவரிடம் அனுமதி கேளுங்கள். விடை தேடும்போது பெரியவர்களின் பழைய நினைவுகள் தாமாக வெளிவரும்.

"இதுவா, அதுவா" என்னும் தெரிவு விளையாட்டும் நல்லதே, கேள்வி சரியாக அமைந்தால். "உம்மா சமையலா, மனைவி சமையலா?" என்பது விளையாட்டன்று, வீட்டுக்குத் தீ. "செல்வமா, சொர்க்கமா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே விடை எழுதிவிட்டுப் போவார்கள். இரு பக்கமும் சம எடையாக இருக்க வேண்டும். மனிதர்கள் தராசில் ஏறக்கூடாது. "முப்பது நோன்புக்கும் வடையில்லாக் கஞ்சியா, கஞ்சியில்லா வடையா?" என்று கேட்டுப் பாருங்கள். குழுவின் வாக்கெடுப்பு வசதியில் இட வேண்டாம். விரலால் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். "கஞ்சிதான், ஏனென்றால்..." என்று வாப்பா தொடங்குவார்; தூக்குச் சட்டியோடு பள்ளிவாசல் வரிசையில் நின்ற சிறுவயதுக் கதை வரும். அந்தக் கதைக்காகத்தான் கேள்வி. ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

அந்த உம்மா இன்று குழுவில் எந்தச் செய்தி வந்தாலும் மகனுக்குத் தொலைபேசியில் அழைத்து, "இது நெசந்தானா வாப்பா?" என்று கேட்கிறாராம். பிள்ளையின் சொல்லைத் தாய் சரிபார்க்கும் நிலை எந்த வீட்டிற்கும் வர வேண்டாம்.