வயிற்று வலி என்று எழுதப்படும் சாவுகள்



"தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார்" என்ற வரியுடன் மாவட்டச் செய்திப் பக்கத்தின் ஓரத்தில் வரும் தற்கொலைச் செய்தியை நாம் எல்லோருமே படித்திருக்கிறோம். வீட்டார் காவல் நிலையத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தற்கொலை முயற்சியே குற்றம் என்று சொன்ன சட்டம் நெடுங்காலம் இங்கே இருந்தது. வீட்டில் இன்னொரு பெண் கல்யாணத்துக்குக் காத்திருப்பாள். மணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்தவள் என்றால் கோட்டாட்சியர் விசாரணை வரும். இந்தப் பயத்தில் காரணம் மாறுகிறது. சில வீடுகளில் சாவே விபத்தாகவோ மாரடைப்பாகவோ மாறிவிடுகிறது.

இப்படி எவ்வளவு மறைகிறது என்பதற்கு வேலூர் பக்கம் கணியம்பாடியில் ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கிராம சுகாதாரப் பணியாளர்கள் ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் போய், நடந்ததைப் பொறுமையாகக் கேட்டு எழுதினார்கள். ஊரோடு பழகியவர்கள் என்பதால் வீட்டார் மனம்விட்டுப் பேசினார்கள். 1994 முதல் 1999 வரையிலான சாவுகளில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 95 தற்கொலைகள் தெரியவந்தன. காவல்துறைப் பதிவுகளைக் கூட்டிய அரசுக் கணக்கில் அப்போது நாட்டின் சராசரி 10, 11 என்ற அளவில்தான் இருந்தது. ஒரு வட்டாரத்தை நாடு முழுவதற்கும் பொருத்த முடியாதுதான். ஆனால் பின்னாளில் இதே முறையில் நாடு தழுவி எடுத்த மதிப்பீடும் 2010இல் சுமார் 1,87,000 தற்கொலைகள் என்றது. அந்த ஆண்டின் அரசுக் கணக்கு 1,35,000க்குச் சற்றுக் குறைவு. ஆண்களை விடப் பெண்களின் சாவுகளே கூடுதல் விகிதத்தில் விடுபட்டிருந்தன.

எண்ணிக்கையை விடவும் எனக்குக் கவலை தருவது, காரணத்தோடு வழியும் மறைந்துவிடுவதுதான். எந்தப் பூச்சிமருந்து எத்தனை உயிரை எடுத்தது என்று தெரியாத அரசு, எதை நிறுத்துவது என்று எப்படி முடிவெடுக்கும்?

இலங்கை அதைத் தெரிந்துகொண்டு செயல்பட்டது. 1995இல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47ஐ ஒட்டி, உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. மருத்துவமனைகளில் எந்தப் பூச்சிமருந்தால் வந்தவர்கள் பிழைக்கவில்லை என்று பார்த்து, மிகக் கொடிய வகைகளை அந்த ஆண்டு முதல் படிப்படியாகச் சந்தையிலிருந்தே எடுத்தார்கள். இருபது ஆண்டில் விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. விளைச்சல் குறையவில்லை. மருந்து குடித்து மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் அந்த அளவுக்குக் குறையவில்லை. வந்தவர்கள் பிழைத்து வீடு திரும்பினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

"சாக நினைத்தவர் வேறு வழி தேடமாட்டாரா?" என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் பிழைத்தவர்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. ஒரு சண்டை, ஒரு கோபம், கைக்கெட்டிய பொருள். அந்த அரை மணி நேரத்தைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை.

வீட்டிலேயே பூட்டி வைத்தால் போதாதா என்பதையும் சோதித்தார்கள். அனுராதபுரம் பக்கம் 180 கிராமங்களைத் தேர்ந்து, அவற்றில் பாதிக்குப் பூட்டுள்ள பெட்டிகள் கொடுத்தார்கள். பலன் இல்லை. சாவி வீட்டில்தானே இருக்கிறது!

ஆனால் கடைக்காரர்களால் ஓரளவு செய்ய முடியும். அங்கே நடந்த ஆய்வில், மருந்து வாங்கிப்போய்க் குடித்தவர்களிடம் இரண்டு அடையாளங்கள் தெரிந்தன: விவசாயி அல்லாதவர், அல்லது வாங்கும்போதே போதையில் இருந்தவர். "எந்தப் பயிருக்கு? எத்தனை ஏக்கர்? என்ன பூச்சி?" என்று கேட்டால் விவசாயி உடனே சொல்லிவிடுவார். பதில் தடுமாறினால், "ஸ்டாக் இல்லைங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லி உட்கார வைத்துப் பேசலாம், வீட்டாரை அழைக்கலாம். கடைக்காரர்களுக்கு இந்தப் பயிற்சி தருவது செலவில்லாத வேலை. வீட்டிலேயே இருக்கும் மருந்தை மட்டும் அது தடுக்காது. அதற்குத் தடை ஒன்றே வழி.

நம் மாநிலமும் சில மருந்துகளை 60 நாட்களுக்குத் தடை செய்து பார்த்தது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்கு அந்த அளவு அதிகாரமே தருகிறது. இன்னும் 30 நாள் நீட்டலாம், அவ்வளவுதான். நிரந்தரத் தடை தில்லியின் கையில் இருக்கிறது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அங்கே இதைக் கேட்க வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

உரக்கடை நடத்தும் வாசகர்களே, அந்த மூன்று கேள்விகளை இன்றே கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டிவையுங்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் யாருக்காவது மனம் கனத்திருந்தால், தயங்காமல் 14416 அல்லது 104 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்